சனிக்கிழமை தோறும் பத்தாயிரம்

ஏடிஎம்மில் 4,873 ரூபாய் எடுக்க முடியாது. உள்ளே இருப்பவை 100, 200, 500 ரூபாய் நோட்டுகள். ஆகவே வெளியே வரும் தொகை நூறின் மடங்காகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. வங்கி ஸ்டேட்மென்டை அலச பைதானில் நிரல் எழுதப் புறப்படுகிறவர்கள் பலரும், "முழுத்தொகையாகப் பணம் எடுத்திருந்தால் கொடி காட்டு" என்பதைத்தான் முதல் விதியாக எழுதுகிறார்கள். அதை ஓடவிட்டால் ஒரு வருஷத்து ஏடிஎம் வரிகள் அத்தனையும் சிவப்பாக வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் அந்தச் சிவப்பை வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரே தொகை குறுகிய நாட்களுக்குள் திரும்பத் திரும்ப வருகிறதா, அது அந்தக் கணக்குக்காரரின் வழக்கத்துக்கு மாறானதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஸ்டேட்மென்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை நம்புவதற்கு முன், ஸ்டேட்மென்டை நிரல் ஒழுங்காகப் படித்ததா என்று உறுதி செய்தாக வேண்டும். வேலையில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்ப்போம். தொகைகளும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொந்த ஊரில் தனியாக இருக்கிறார். மாதக் கடைசியில் ஓய்வூதியம் கணக்கில் ஏறுகிறது. மகள் வெளியூரில் வேலை பார்க்கிறார். அப்பாவின் சம்மதத்தோடு மாதா மாதம் மின்னஞ்சலில் வரும் ஸ்டேட்மென்டை அவர்தான் பார்க்கிறார். 2025 ஆகஸ்ட் மாதத்தின் முதல் சில வரிகள் இவை:

```
02-08-2025  ATM WDL         5,000.00              1,79,312.50
04-08-2025  UPI/DR/...      1,246.00              1,78,066.50
09-08-2025  ATM WDL        10,000.00              1,68,066.50
09-08-2025  ATM WDL        10,000.00              1,58,066.50
12-08-2025  ATM REV                    10,000.00  1,68,066.50
```

கண்ணுக்கு இது அழகான அட்டவணை. தேதி, விவரம், பற்று, வரவு, மீதி என்று ஐந்து பத்திகள். ஆனால் பிடிஎஃப் கோப்புக்குள் அட்டவணை என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. இந்த எழுத்தை இந்தப் பக்கத்தில் இடமிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி தள்ளி அச்சிடு என்ற கட்டளைகள்தான் இருக்கும். காகிதத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்காக உருவான கோப்பு வகை அது. '10,000.00' என்பது பற்றா வரவா என்று கோப்புக்குத் தெரியாது. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டும் தெரியும்.

அதனால்தான் பிடிஎஃப்பிலிருந்து வரிகளை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் எல்லாம் குழம்பிப்போகிறது. வரவுப் பத்தி காலியாக இருந்த இடம் மறைந்துவிடும். '10,000.00 1,68,066.50' என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்பதாம் தேதி முதல் வரியும் அப்படித்தான் தெரியும், பன்னிரண்டாம் தேதி வரியும் அப்படியேதான் தெரியும். ஒன்று பணம் போனது, மற்றது பணம் வந்தது.

பைதானில் இந்த வேலைக்கு `pdfplumber` என்ற இலவச நூலகம் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் கோடுகள் போட்டு அட்டவணை வரைந்திருந்தால், அந்தக் கோடுகளைப் பார்த்துக் கட்டங்களைத் தானே பிரித்துக்கொள்ளும்:

```python
import pdfplumber
from getpass import getpass

rows = []
with pdfplumber.open("aug.pdf", password=getpass()) as pdf:
    for page in pdf.pages:
        for r in page.extract_table() or []:
            rows.append([(c or "").strip() for c in r])
```

வங்கிகள் அனுப்பும் ஸ்டேட்மென்டுக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் உண்டு. பெயரின் முதல் சில எழுத்துகளும் பிறந்த தேதியும் சேர்ந்தது, வாடிக்கையாளர் எண் என்று வங்கிக்கு வங்கி மாறும். அதை நிரலுக்குள் எழுதி வைக்காமல், ஓடும்போது கேட்டு வாங்குவதற்குத்தான் `getpass`. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப்பை எக்செல்லாக மாற்றித் தருகிறோம் என்று இணையத்தில் கிடைக்கும் இலவசத் தளங்களில் ஸ்டேட்மென்டை ஏற்ற வேண்டாம். பெயர், முகவரி, கணக்கு எண், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற விவரம் அத்தனையும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போகிறது. சொந்தக் கணினியில் ஓடும் நிரலை எழுதச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

சில வங்கிகளின் ஸ்டேட்மென்டில் கோடுகளே இருக்காது. அப்போது `extract_words` என்ற கட்டளையால் ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தோடு சேர்த்து வாங்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் ஏறக்குறைய 595 புள்ளி. தொகைகள் எல்லாம் வலது ஓரம் ஒட்டி அச்சாகியிருக்கும் என்பதால், பற்றுப் பத்தியில் உள்ள எண்களின் வலது விளிம்பு எல்லா வரியிலும் ஒரே இடத்தில் முடியும். வரவுப் பத்தி எண்களுக்கு இன்னொரு இடம். அந்த விளிம்பைப் பார்த்து எது எந்தப் பத்தி என்று பிரித்துக்கொள்ளலாம். இடது விளிம்பைப் பார்க்கக் கூடாது, தொகை சிறிதாகவோ பெரிதாகவோ ஆகும்போது அது நகர்ந்துவிடும்.

விவரப் பத்தியில் வேறொரு தொல்லை உண்டு. யுபிஐ வரிகள் நீளமாக இருப்பதால் இரண்டு மூன்று வரிகளாக மடிந்து இறங்கும். மடிந்த வரியில் தேதி இருக்காது, தொகை இருக்காது. தேதி இல்லாத வரியை முந்தைய வரியின் வாலாகச் சேர்க்க வேண்டும் என்பது பொது விதி. பக்கம் மாறும் இடத்தில் அது சறுக்கும். அடுத்த பக்கத்தின் தலைப்பு வரி, 'முன்பாக்கி' வரி, பக்க மொத்தம் எல்லாம் நடுவில் வந்து நுழையும். சில வங்கிகள் விவரத்தை மேலே தொடங்கி, தேதியை அதன் நடுவரிக்கு நேராக அச்சிடும். அங்கே முதல் துண்டு முந்தைய பரிவர்த்தனையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு வங்கிக்கு எழுதிய நிரல் இன்னொரு வங்கியின் ஸ்டேட்மென்டுக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம். வங்கிக்கு ஒன்றாகப் படிக்கும் பகுதியை எழுதிக்கொண்டு, அதற்குப் பிந்தைய வேலைகளைப் பொதுவாக வைத்துக்கொள்வதே நடைமுறை.

இத்தனை இடத்தில் சறுக்க வாய்ப்பு இருக்கும்போது, நிரல் சரியாகப் படித்திருக்கிறது என்று எப்படி நம்புவது? இருநூறு வரிகளைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் நிரலே தேவையில்லை.

அதற்கான பதிலை வங்கியே கடைசிப் பத்தியில் அச்சடித்துத் தருகிறது. ஒவ்வொரு வரியிலும் மீதி இருக்கிறது. முந்தைய வரியின் மீதியிலிருந்து இந்த வரியின் பற்றைக் கழித்து, வரவைக் கூட்டினால் இந்த வரியின் மீதி வர வேண்டும், பைசா பிசகாமல். ஓர் இடத்தில் வராவிட்டாலும் நிரல் எங்கோ தவறாகப் படித்திருக்கிறது என்று பொருள்.

```python
for prev, cur in zip(txns, txns[1:]):
    expected = prev["bal"] - cur["debit"] + cur["credit"]
    if expected != cur["bal"]:
        print(cur["date"], cur["text"], cur["bal"] - expected)
```

இங்கே `txns` என்பது வரிகளைச் சுத்தம் செய்து, காற்புள்ளிகளை நீக்கி, தொகைகளை எண்ணாக மாற்றிய பட்டியல். எண்ணாக மாற்றும்போது பைதானின் சாதாரணத் தசம எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. கணினி அதை இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, வால் நீளும். பணக் கணக்குக்கென்றே `Decimal` இருக்கிறது.

இந்தச் சோதனையின் அருமை, தவறு இருக்கிறது என்று சொல்வதோடு அது நிற்பதில்லை என்பதுதான். என்ன தவறு என்பதையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மேலே உள்ள மாதிரியில் நான்காம் தேதி யுபிஐ வரி மடிப்பில் தொலைந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். 1,79,312.50-லிருந்து 10,000 கழித்தால் 1,69,312.50. ஆனால் அச்சில் இருப்பது 1,68,066.50. வித்தியாசம் 1,246 ரூபாய். தொலைந்த வரியின் தொகையே அதுதான். பிடிஎஃப்பைத் திறந்து 1,246 என்று தேடினால் ஆள் அகப்பட்டுவிடும்.

பற்றை வரவாகப் படித்திருந்தால் வித்தியாசம் வேறு மாதிரி வரும். ஒன்பதாம் தேதி முதல் வரியின் பத்தாயிரத்தை நிரல் வரவுப் பத்தியில் போட்டிருந்தால், அது எதிர்பார்க்கும் மீதி 1,88,066.50. அச்சில் 1,68,066.50. வித்தியாசம் 20,000, அதாவது தொகையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. பேரேடு இடித்தால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள்.

காகித ஸ்டேட்மென்டை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருந்தால் இந்தச் சோதனை இல்லாமல் ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது. அதில் எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும். படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படிக்கக்கூடும். வரி வரியாக மீதி ஒத்துவந்தால் ஒழிய அப்படிப் படித்த எண்ணை நம்பக் கூடாது. முடிந்தவரை வங்கியிலிருந்து மூலப் பிடிஎஃப்பையே கேட்டு வாங்குவது நல்லது.

மீதிச் சோதனையால் பிடிக்க முடியாதது தேதி. 09-08-2025 என்பதை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னே வைத்துப் படித்தால் ஆகஸ்ட் 9 செப்டம்பர் 8 ஆகிவிடும். தொகையெல்லாம் சரியாக இருப்பதால் மீதியும் ஒத்துவரும். ஆனால் அடுத்து நாம் பார்க்கப்போவது நாள் இடைவெளியைத்தான் என்பதால் முடிவெல்லாம் நாசமாகும். தேதியை ஊகித்துப் படிக்கும் வசதிகளை விட்டுவிட்டு, `"%d-%m-%Y"` என்று வடிவத்தை நாமே சொல்லிவிட வேண்டும். தேதிகள் வரிசையாக ஏறுகின்றனவா என்று பார்ப்பதும் ஒரு வரி வேலைதான். சில வங்கிகள் புதியதை மேலே வைத்து அச்சிடும். அவற்றைப் படித்தவுடன் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இனி வகைப்படுத்தல். விவரப் பத்தியைப் பார்த்து இது ஏடிஎம், இது யுபிஐ, இது கட்டணம், இது ஓய்வூதியம் என்று பிரிப்பது. ஏடிஎம் எடுப்புக்கு ஒரு வங்கி `ATM WDL` என்று போடும், இன்னொரு வங்கி `ATW`, பிற வங்கி இயந்திரத்தில் எடுத்திருந்தால் `NWD` என்று போடும். தன் ஸ்டேட்மென்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து விதி எழுத வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

'ATM' என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் அது பண எடுப்பு என்று விதி எழுதினால் ATMANATHAN என்ற ஆத்மநாதனுக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் ஏடிஎம் கணக்கில் சேர்ந்துவிடும். பணம் திரும்ப வந்ததைக் குறிக்கும் `REV` என்பதைத் தேடினால் REVATHI அகப்படுவார். மின்கட்டணத்துக்கு 'EB' என்று தேடினால் JEBARAJ மின்வாரியமாகிவிடுவார். வாடகைக்கு 'RENT' என்று தேடினால் NARENTHIRAN வீட்டுக்காரர் ஆவார். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த விபத்து அடிக்கடி நேரும்.

இதற்குச் சரியான தீர்வு, விவரத்தின் எந்தப் பகுதியை யார் எழுதியது என்று யோசிப்பது. வரியின் தொடக்கத்தில் உள்ள குறியீடு வங்கியின் கணினி போட்டது. பின்னால் வரும் பெயரும் குறிப்பும் வெளியிலிருந்து வந்தவை. யுபிஐயில் பணம் அனுப்புகிறவர் குறிப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே வகையைத் தீர்மானிக்க வரியின் தொடக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும்:

```python
RULES = [
    (r"^ATM (CHG|CHRG)",            "charge"),
    (r"^ATM REV\b",                 "reversal"),
    (r"^(ATM WDL|ATW|NWD)\b",       "atm"),
    (r"^(CASH WDL|SELF)\b",         "branch_cash"),
    (r"^UPI/DR\b",                  "upi_out"),
]
```

`^` என்ற குறி 'தொடக்கத்தில்' என்பதையும், `\b` 'சொல் இங்கே முடிய வேண்டும்' என்பதையும் சொல்கின்றன. விதிகளின் வரிசையும் முக்கியம். இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் எடுத்தால் வங்கி கட்டணம் பிடிக்கிறது. 2025 மே 1 முதல் அதன் உச்சவரம்பு 23 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 27.14. அந்த வரியும் ATM என்றுதான் தொடங்கும், ஆனால் அது பண எடுப்பு அல்ல. எந்த விதியிலும் சேராத வரிகளை 'இதர' என்று ஒதுக்கி, தனியே அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துத்தான் விதிகள் முதிரும்.

கொடி காட்டும் முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, நடக்காத எடுப்புகளைக் கழிப்பது. ஒன்பதாம் தேதி இரண்டு பத்தாயிரம் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி ஒரு பத்தாயிரம் திரும்பி வந்திருக்கிறது. ஒருமுறை இயந்திரம் பணம் தரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. இப்படி நேர்ந்தால் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திரும்ப வரவு வைக்க வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. நிரல், ஒவ்வொரு திரும்பல் வரிக்கும் முந்தைய ஒரு வாரத்துக்குள் அதே தொகையில் உள்ள எடுப்பைத் தேடி, இரண்டையும் ஜோடியாக்கி ஒதுக்கிவிட வேண்டும். ஆதார எண் இரண்டிலும் இருந்தால் அதைக் கொண்டு ஜோடி சேர்ப்பதே உறுதியானது. இதைச் செய்யாவிட்டால் ஒரே நாளில் இரண்டு முறை என்ற பொய்க்கொடி ஏறும்.

மாதிரிக் கணக்கில் அதற்குப் பிறகு ஆகஸ்ட் 16, 23, 30 ஆகிய நாட்களில் பத்துப் பத்தாயிரம் எடுக்கப்பட்டிருக்கிறது. தோல்வியடைந்ததைக் கழித்தால் 9-ஆம் தேதியோடு சேர்த்து நான்கு. இதைப் பிடிக்கும் விதி இவ்வளவுதான்:

```python
from datetime import timedelta

def repeats(atm, days=30, times=4):
    for t in atm:
        start = t["date"] - timedelta(days=days)
        same = [x for x in atm if start < x["date"] <= t["date"]
                and x["debit"] == t["debit"]]
        if len(same) >= times:
            yield t["date"], t["debit"], len(same)
```

ஒவ்வொரு எடுப்புக்கும் அதற்கு முந்தைய முப்பது நாட்களைத் திரும்பிப் பார்த்து, அதே தொகை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுகிறது. நான்கு ஆனதும் கொடி. மாதிரிக் கணக்கில் ஆகஸ்ட் 30 அன்று அது ஏறும். காலண்டர் மாதத்தை அலகாக வைத்துக்கொள்ளாமல் முப்பது நாள் சன்னலை நகர்த்திக்கொண்டே போவதற்குக் காரணம், மாதக் கடைசியில் இரண்டும் அடுத்த மாதத் தொடக்கத்தில் இரண்டும் எடுத்தால் மாத வாரியான எண்ணிக்கையில் அது சிக்காது என்பதே.

நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதிக்கவில்லை. இந்தக் கணக்கின் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான வரிகளில் இதே நிரலை ஓட்டிப் பார்த்தால், முப்பது நாளுக்குள் ஒரே தொகை அதிகபட்சம் இரண்டு முறைதான் வந்திருக்கிறது. மாதத் தொடக்கத்தில் எடுக்கும் ஐயாயிரம் அது. இரண்டு சகஜம் என்றால் நான்கு கேள்விக்குரியது. அமைதியாக இருந்த மாதங்களிலும் கொடி ஏறினால் வரம்பு தாழ்வாக இருக்கிறது, உயர்த்த வேண்டும். தினமும் கடைக்குச் சரக்கு வாங்கப் பணம் எடுக்கும் வியாபாரியின் கணக்கில் இதே நான்கு பைத்தியக்காரத்தனமான வரம்பு. ஒருவரின் எண்ணை இன்னொருவர் கணக்குக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

தணிக்கைத் துறையைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள் இந்த இடத்தில் பென்ஃபோர்ட் விதியைச் சொல்வார்கள். இயற்கையாக உருவான எண் தொகுப்புகளில் முதல் இலக்கமாக 1 சுமார் 30 சதவீதம் வரும், 9 ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக வரும் என்ற விதி அது. பெரிய நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான விலைப்பட்டியல்களில் அது உதவுகிறது. ஏடிஎம் எடுப்புக்கு உதவாது. தொகைக்கு மேல்வரம்பு உண்டு, திரையிலேயே தயாராகச் சில தொகைகள் காட்டப்படுகின்றன, எண்ணிக்கையும் குறைவு. அந்த விதி அமைய வேண்டிய நிலைமைகள் எதுவும் இங்கே இல்லை.

ஒரே தொகையைத் தேடும் விதிக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அட்டையை வைத்திருப்பவர் ஒருமுறை 9,500, மறுமுறை 8,000, பிறகு 10,000 என்று மாற்றி மாற்றி எடுத்தால் அது எதையும் காணாது. ஆகவே மொத்தத்தையும் பார்க்க வேண்டும். முப்பது நாளில் ரொக்கமாகப் போன பணம் வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம்?

வழக்கம் என்றால் சராசரி என்றுதான் தோன்றும். மாதிரிக் கணக்கில் ரொக்கமாக எடுத்தது ஏப்ரலில் 8,000, மே மாதம் 75,000, ஜூனில் 9,000, ஜூலையில் 8,000. மே மாதம் உறவில் கல்யாணம், ஆசிரியரே வங்கிக் கிளைக்குப் போய் 66,000 எடுத்தார். நான்கின் சராசரி 25,000. ஆகஸ்டில் போனது 45,000. சராசரியோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குகூட இல்லை, நிரல் சும்மா இருந்துவிடும். ஒரு கல்யாணம் அடுத்து வரும் மாதங்களையும் மறைத்துவிடுகிறது. இடைநிலை எண்ணை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறும். 8,000, 8,000, 9,000, 75,000 என்று ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுத்தால் 8,500. ஆகஸ்ட் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். கல்யாணம் வந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் இடைநிலை எண் அவ்வளவாக அசையாது. பைதானில் `statistics.median` என்று ஒரே சொல்.

சரி, இரண்டு கொடி ஏறிவிட்டது. நடந்தது என்ன?

நாட்களைக் காலண்டரில் பாருங்கள். 9, 16, 23, 30 நான்கும் சனிக்கிழமைகள். நம் ஊரில் சனிக்கிழமை என்றால் கட்டட வேலைக்காரர்களுக்கு வாரக் கூலி. வீட்டில் மராமத்து நடக்கிறது, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்க ஆசிரியர் வாரா வாரம் எடுக்கிறார் என்றால் எல்லாம் பொருந்திப்போகிறது. வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரிடம் அட்டையும் பின் நம்பரும் இருக்கிறது என்றாலும் எல்லாம் பொருந்தத்தான் செய்கிறது. இரண்டும் ஸ்டேட்மென்டில் ஒரே மாதிரியான நான்கு வரிகள். நிரலால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நிரலின் வெளியீட்டில் 'மோசடி' என்ற சொல்லை எழுதவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தேதி, தொகை, எந்த விதியால் கொடி ஏறியது, வழக்கம் எவ்வளவு, இவை போதும்.

பிரித்தறிய உதவும் சில தடயங்கள் பக்கத்து வரிகளிலேயே இருக்கலாம். அதே வாரங்களில் ஹார்டுவேர் கடைக்கும் சிமென்ட் கடைக்கும் யுபிஐயில் பணம் போயிருந்தால் மராமத்துக்குப் பலம் கூடுகிறது. ஏடிஎம் வரியின் பிற்பகுதியில் இயந்திரத்தின் எண்ணோ ஊரின் பெயரோ இருக்கும். ஆசிரியர் எப்போதும் எடுக்கும் இயந்திரமா, இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பதா என்று பார்க்கலாம். நேரம் பொதுவாக ஸ்டேட்மென்டில் அச்சாவதில்லை, வங்கியில் கேட்டால்தான் தெரியும். இயந்திரத்தின் சிசிடிவி பதிவும் என்றென்றும் இருக்காது என்பதால் கேட்க வேண்டுமென்றால் சீக்கிரம் கேட்க வேண்டும்.

ஆனால் முதலில் கேட்க வேண்டியவர் அப்பாதான். "ஆகஸ்ட்ல சனிக்கிழமை சனிக்கிழமை பத்தாயிரம் போயிருக்குப்பா. நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டால் போதும். வயதானவர்களிடம் கணக்குக் கேட்கும் தொனியில் பேசினால் அவமானமாக எடுத்துக்கொண்டு, தெரியாத விஷயத்துக்குக்கூட "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிடுவார்கள். கொத்தனார் கூலி என்று தெரிந்தால், 'சனிக்கிழமை, 10,000, மராமத்து, அக்டோபர் வரை' என்று தெரிந்த செலவுகளின் பட்டியலில் முடிவுத் தேதியோடு எழுதி வைத்துவிடலாம். அந்தத் தேதிவரை நிரல் அதற்குக் கொடி காட்டாது. முடிவுத் தேதி இல்லாமல் எழுதினால் மராமத்து முடிந்த பிறகும் பணம் போய்க்கொண்டிருப்பது தெரியாமலே போகும்.

"நான் எடுக்கலையே" என்று அவர் சொன்னால், அந்த நிமிஷமே அட்டையை முடக்கி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்கான புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளரின் பொறுப்பை இப்படிப் பிரித்தது. தவறு வங்கியிடமும் இல்லை வாடிக்கையாளரிடமும் இல்லை என்ற நிலையில், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்புவரை அவர் பொறுப்பு. அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கை எப்படியோ அப்படி.

அந்த மூன்று நாள், வங்கியிலிருந்து தகவல் வந்ததிலிருந்து எண்ணப்படுகிறது. தகவல் என்பது பெரும்பாலும் எஸ்எம்எஸ். மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்டைப் படிக்கும் நிரல் கொடி காட்டும்போது முதல் எடுப்புக்கான அவகாசம் என்றோ முடிந்திருக்கும். ஆகவே எஸ்எம்எஸ் எந்தக் கைபேசிக்குப் போகிறது, அந்தக் கைபேசி யார் கையில் இருக்கிறது என்பதை நிரல் எழுதும் முன்பே பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பின் நம்பரை அப்பாவே யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை வேறு. கண் சரியாகத் தெரியாதவர்களும் நடக்க முடியாதவர்களும் அப்படிச் சொல்லித்தான் பணம் எடுத்து வரச் சொல்கிறார்கள். அதே சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுவதும் அவர் தலையில்தான் விழும். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. நம் மாதிரிக் கணக்கில் ஆகஸ்ட் 30 வரையிலான நாற்பதாயிரத்தை மீட்கக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். செப்டம்பர் 6-ஆம் தேதி, அடுத்த சனிக்கிழமைக்குள் வங்கிக்குத் தகவல் போய்விட்டால், அதற்குப் பிறகு அந்த அட்டையில் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு.